20% தள்ளுபடி போர்டுக்கு எதிரே தெருமுனை மெடிக்கல்: எதை வைத்து நிற்பது?

பக்கத்துத் தெருவில் செயின் மருந்துக்கடை திறந்ததும், புதிதாக மெடிக்கல் வைத்தவர்கள் செய்கிற முதல் வேலை பிளக்ஸ் அடிப்பதுதான். அவன் 20% என்றால் நாம் 15% என்று போட்டு வாசலில் மாட்டிவிடுகிறோம். அதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். போட்ட பிறகு பெரும்பாலும் பிளக்ஸ் ஆர்டர் கேன்சல் ஆகிவிடும்.

விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு, 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை சில்லறைக் கடைக்கு 16% லாபம் வைத்திருக்கிறது. அது கடைக்கு வரும் விலையின் மேல் கணக்கிடுவது. விற்கும் விலையில் பார்த்தால் 14%-ஐக்கூடத் தொடாது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு வழக்கத்தில் 20% கிடைக்கும். ஸ்டாக்கிஸ்ட் தரும் "பத்துக்கு ஒன்று" மாதிரியான ஸ்கீம்களைச் சேர்த்து, காலாவதியில் போவதைக் கழித்தால், ஒரு சாதாரண கடைக்கு மொத்தத்தில் 18% நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

எம்ஆர்பி கணக்கில் மாதம் 3 லட்சம் ஓடுகிற கடை. 18% என்றால் 54,000 ரூபாய். வாடகை, கரண்ட், பார்மசிஸ்ட் சம்பளம், உங்கள் வீட்டுச் செலவு எல்லாம் இதற்குள்தான். இப்போது எல்லோருக்கும் 10% தள்ளுபடி கொடுத்தால் 30,000 போய்விடும், மிச்சம் 24,000. பழைய 54,000 திரும்ப வேண்டுமென்றால், மீதமுள்ள 8 சதவீதத்தில் அதை எடுக்க வேண்டும், அதற்கு 6.75 லட்சம் ரூபாய்க்கு மருந்து விற்க வேண்டும். அதே தெரு, அதே ஜனம், இரண்டே கால் மடங்கு வியாபாரம். நடக்காது.

அப்படியானால் செயின் கடைக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? கம்பெனியிடம் மொத்தமாக நேரே வாங்குகிறார்கள். சொந்தப் பெயரில் வரும் சத்து மாத்திரை, சோப்பு, டயப்பர் போன்றவற்றில் லாபம் அதிகம். தள்ளுபடிக்குக் குறைந்தபட்ச பில் தொகை, மெம்பர்ஷிப் என்று நிபந்தனைகளும் இருக்கும். இதில் எதுவும் உங்களிடம் இல்லை. ஆகவே விலையில் மோதாதீர்கள். வேறு எதை வைத்து நிற்பது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

யாரைப் பிடித்து வைக்க வேண்டும்

காய்ச்சலுக்கு ஓர் அட்டை மாத்திரை, இருமலுக்கு ஒரு டானிக் என்று வருபவர்கள் எந்தக் கடை பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போவார்கள். அவர்களை நினைத்துத் திட்டம் போடுவதில் பயனில்லை. நீங்கள் பிடிக்க வேண்டியது மாதாமாதம் மருந்து வாங்கும் வீடுகளை: சுகர், பிரஷர், தைராய்டு, இதயம், ஆஸ்துமா, வலிப்பு.

ஒரு வீட்டுக்கு மாதம் 1,800 ரூபாய் மருந்து என்று வையுங்கள். அப்படி நூறு வீடுகள் இருந்தால் மாதம் 1,80,000. மேலே சொன்ன 3 லட்சத்தில் 60%. அதாவது, ஒரு சிறு மெடிக்கல் நூறு வீடுகளை நம்பி நின்றுவிடலாம். அந்த நூறு வீடுகளும் அரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே இருக்கும். இவர்களுக்கு மட்டும் 5% கொடுங்கள், அது தாங்கும். 1,800-க்கு 90 ரூபாய். செயின் கடையில் 20% முழுசாகக் கிடைத்தால் 360. வித்தியாசம் 270 ரூபாய். அந்த 270 ரூபாய்க்கு ஈடாக நீங்கள் என்ன தருகிறீர்கள் என்பதுதான் கேள்வி. "அன்பாகப் பேசுவோம்" என்பது பதிலாகாது. செயின் கடையிலும் ஏசி போட்டு வணக்கம் சொல்கிறார்கள்.

முதல் வேலை: மாத மருந்து நோட்டு

ஒரு நீள நோட்டு போதும். பில்லிங் சாப்ட்வேரில் வசதி இருந்தால் அதிலும் செய்யலாம். ஆனால் ஆரம்பத்தில் நோட்டுதான் கண்ணில் படும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், போன், டாக்டர், மருந்து, தினமும் எத்தனை, எப்போது தீரும். "அடுத்த மாதம் 3ஆம் தேதி" என்று மொத்தமாக ஒரே தேதி எழுதுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. மருந்துகள் ஒன்றாகத் தீர்வதில்லை.

ஓர் உதாரணம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஜூன் 3 காலை வருகிறார். சுகர் மாத்திரை தினம் இரண்டு, பிரஷர் மாத்திரை ஒன்று, கொழுப்பு மாத்திரை இரவு ஒன்று. மனைவிக்குத் தைராய்டு மாத்திரை ஒன்று. சீட்டை வாங்கியதும் எடுத்துக் கொடுத்துவிடாமல், "வீட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கு சார்?" என்று கேளுங்கள். தெரியாது என்பார். வீட்டுக்குப் போன் போடச் சொல்லுங்கள். சுகர் மாத்திரை 24, பிரஷர் 12, கொழுப்பு மாத்திரை 4 இருக்கிறது என்று தெரிய வருகிறது. சுகரும் பிரஷரும் இன்னும் 12 நாள் வரும். கொழுப்பு மாத்திரை 4 நாளில் தீரும். இன்று கொழுப்பு மாத்திரை மட்டும் 8 வெட்டிக் கொடுங்கள். இப்போது மூன்றும் ஜூன் 14 அன்று ஒன்றாகத் தீரும். அதற்கப்புறம் 60, 30, 30 என்று மாதம் ஒரே தடவை வாங்கினால் போதும். தைராய்டு டப்பா தனிக் கணக்கு: 120 மாத்திரை டப்பாவை இன்று திறந்தால் செப்டம்பர் 30 வரை வரும். அதை நோட்டில் தனித் தேதியாக எழுதுங்கள், இல்லாவிட்டால் அது ஒன்றுதான் விட்டுப்போகும்.

இதில் உங்களுக்கு அன்று கிடைத்தது எட்டு மாத்திரைக் காசு. ஆனால் ஆசிரியர் இனி மாதத்தில் மூன்று தடவை கடைக்கு அலைய வேண்டாம். அந்த அலைச்சல் மிச்சமானதை அவர் இரண்டாவது மாதமே உணர்வார். அட்டையை வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காலாவதித் தேதி இருக்கும் ஓரம் ஒரு துண்டில்தான் இருக்கும். அதைக் கடையில் மிஞ்சும் துண்டோடு வைத்துக்கொண்டு, கொடுக்கிற கவரில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வெறும் வெள்ளைத் துண்டாக எட்டு மாத்திரை வீட்டுக்குப் போனால் ஒரு வாரத்தில் அது என்ன மாத்திரை என்று யாருக்கும் தெரியாது.

தீரும் தேதிக்கு ஐந்து நாள் முன்னால் போன் செய்யுங்கள். "மருந்து வாங்க வாங்க" என்று சொல்லும் போனாக அது இருக்கக் கூடாது. முதல் கேள்வி, "டாக்டர் ஏதாவது மாத்தினாரா சார்?" என்பதாக இருக்கட்டும். டோஸ் மாறியது தெரியாமல் பழைய மாத்திரையைக் கட்டி வைத்து அனுப்பினால், அந்த ஒரு தடவையோடு நம்பிக்கை போய்விடும். மாறியிருந்தால் புதுச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், மருந்து கொடுக்கும்போது அசலைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னால் அந்தப் பக்கத்தை நிறுத்தி வையுங்கள். இறந்துவிட்டார் என்றால் அன்றே அடித்துவிடுங்கள். அடுத்த மாதமும் அந்த வீட்டுக்கு மருந்து போன் போவதைவிட மோசமான விஷயம் வேறில்லை.

நோட்டால் உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. அடுத்த வாரம் எது எவ்வளவு போகும் என்று முன்கூட்டியே தெரிவதால், ஸ்டாக்கிஸ்டிடம் அளவாக ஆர்டர் போடலாம். அலமாரியில் பணம் முடங்காது, காலாவதி குறையும். 5% தள்ளுபடியில் ஒரு பகுதி இங்கேயே திரும்பிவிடும்.

கவுண்டரில் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

ஆலோசனை என்றதும் பலர் நாற்காலி போட்டு அரை மணி நேரம் பேசுவதாக நினைக்கிறார்கள். மாலை ஏழு மணிக்குக் கடையில் எட்டுப் பேர் நிற்கும்போது அது முடியாது. ஒரு மருந்துக்கு ஒரு வாக்கியம் போதும், ஆனால் அது சரியான வாக்கியமாக இருக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரைக்கு: "வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. காபி அரை மணி நேரம் கழிச்சு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இருந்தா நாலு மணி நேரம் தள்ளி." நம் ஊரில் காலையில் எழுந்ததும் காபிதான். மாத்திரையைக் காபியோடு விழுங்கிவிட்டு, டெஸ்டில் அளவு குறையவே இல்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

ஆஸ்துமாவுக்குக் கருவியில் போட்டு உறிஞ்சும் கேப்சூலை முதல் தடவை வாங்குபவரிடம் "இதை விழுங்கக் கூடாது" என்று சொல்லியே ஆக வேண்டும். பார்த்தால் விழுங்குகிற கேப்சூல் மாதிரியே இருப்பதால் விழுங்கிவிடுகிறார்கள். மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் போடுவது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த அட்டையில் எந்தக் கிழமை என்று எழுதாமல் கையில் கொடுக்காதீர்கள். "தினமும் போடக் கூடாது" என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது இன்சுலின் ஊசி. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சு 40 யூனிட் அளவு போட்டது, சிவப்பு மூடி. 100 யூனிட் சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. வாங்க வந்தவர் "இன்சுலின் ஊசி அஞ்சு குடுங்க" என்று மட்டும்தான் சொல்வார். 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 40-ஆம் கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது 16 யூனிட்தான், சுகர் இறங்காது. மாறாக, 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் 40-ஆம் கோடு வரை எடுத்தால் 100 யூனிட் போய்விடும். ஆள் மயங்கி விழுவார். ஆகவே சிரிஞ்சு கேட்டால் "குப்பி எது?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை என்று கடையில் வழக்கமாக்குங்கள். குப்பியின் படத்தையாவது போனில் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்கிற கடையை விட்டு இன்சுலின் போடுகிற வீடு லேசில் போகாது.

இரண்டு டாக்டரிடம் போகிறவர்களின் சீட்டை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு சீட்டிலும் இருக்கும். இதய டாக்டர் ஒரு பெயரில் எழுதிய பிரஷர் மாத்திரையை சுகர் டாக்டர் வேறு பெயரில் எழுதியிருப்பார். நோயாளி இரண்டையும் விழுங்குவார். காய்ச்சல் மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பதும் இப்படித்தான். நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் வைத்தால் இது தானாகக் கண்ணில் படும். கண்டுபிடித்தால் நீங்களாக ஒன்றை நிறுத்தாதீர்கள். டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள், நோயாளியையும் கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம், சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேளுங்கள். அப்போதுதான் "காலையில ரெண்டும் சேர்த்துப் போட்டுருவேன் தம்பி" என்று உண்மை வெளியே வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து, அதன் கீழே எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வையுங்கள்.

இதெல்லாம் கவுண்டரில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் நிஜமாக நின்றால்தான். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி மருந்து கொடுக்க வேண்டியவர் அவர்தான். சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வேறெங்கோ இருக்கிற கடைகள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்குத் தள்ளுபடி ஒன்றுதான் வழி.

"இல்லை" என்ற சொல்

செயின் கடையின் அலமாரி பெரியது. அதை ஈடுகட்ட முடியாது. ஆனால் மாத நோட்டில் இருக்கும் மருந்து ஒன்றுகூட "இல்லை" என்று ஆகக் கூடாது. நோட்டில் இல்லாத மருந்தை யாராவது கேட்டு உங்களிடம் இல்லையென்றால், "இல்லை" என்று சொல்லி அனுப்பாமல், "நாளை மதியம் வந்துரும், போன் பண்றேன்" என்று நேரம் சொல்லுங்கள். ஸ்டாக்கிஸ்டிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் வரவில்லை என்றாலும் போன் செய்யுங்கள், பக்கத்தில் எந்தக் கடையில் இருக்கிறது என்று சொல்லுங்கள். செயின் கடையில் இருந்தால் அதையும் சொல்லலாம்.

ஃபிரிட்ஜ் இன்னொன்று. இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து, காலை மாலை எழுதி, அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படட்டும். ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிற கடைகள் இருக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். உங்கள் கடை அப்படியில்லை என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி. கரண்ட் கட்டுக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுங்கள். உறைபெட்டிக்கு ஒட்டி இன்சுலினை வைக்காதீர்கள், ஒரு தடவை உறைந்துபோனால் அது குப்பைக்குத்தான். வெயிலில் போகிறவருக்கு ஐஸ் ஜெல் பையோடு கொடுங்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு துணி இருக்க வேண்டும்.

பில் கேட்காமலே கொடுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதியும் உள்ள பில். "ஒரிஜினல் மருந்தா?" என்ற சந்தேகம் சின்னக் கடை மேல்தான் முதலில் வரும். செயின் கடையில் கேட்காமல் பில் வருகிறது, உங்களிடம் துண்டுச்சீட்டில் கூட்டல் கணக்கு வருகிறது என்றால் மற்ற எல்லாம் வீண்.

எங்கே நிறுத்திக்கொள்வது

கடைக்காரர் நல்ல மனிதர் என்று பெயர் வந்ததும் ஜனம் கேட்கத் தொடங்கும்: "தம்பி, டாக்டர்கிட்ட போக நேரமில்ல, நீங்களே ஏதாவது குடுங்க." இங்கே வழுக்கினால் கட்டியது எல்லாம் சரிந்துவிடும். நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. ஆன்டிபயாட்டிக் சீட்டில்லாமல் இல்லை. தூக்க மாத்திரையும் அப்படித்தான். அட்டவணை எச்1-ல் உள்ள மருந்துகளுக்குத் தனிப் பதிவேட்டில் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டாக்டர் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக வேறொன்றை நீங்களாக மாற்றிக் கொடுக்கவும் கூடாது. லாபம் அதிகமுள்ள கம்பெனியை நுழைக்கும் ஆசை இங்கேதான் வரும்.

மறுப்பதால் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். "அந்தக் கடையில சீட்டில்லாம குடுக்க மாட்டாங்க" என்று அவர்கள் தெருவில் சொல்லிக்கொண்டு போனால், குழந்தை வைத்திருக்கும் வீடுகளின் காதில் அது குறையாக விழாது.

போர்டில் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள். "மாத மருந்து தீரும் முன் போன் செய்வோம்", "பார்மசிஸ்ட் காலை 9 முதல் இரவு 9 வரை" என்ற இரண்டு வரி போதும். சர்க்கரை நோய் குணமாகும் என்பது மாதிரி எதையும் எழுதிவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விளம்பரம் குற்றம்.

"அங்க 20 பர்சன்ட் தர்றாங்களே"

ஒருநாள் கேட்டுவிடுவார்கள். முகம் மாறாமல் பதில் சொல்லுங்கள்: "ஆமாம்மா, எனக்கு அது கட்டுப்படியாகாது. மாத மருந்துக்கு அஞ்சு பர்சன்ட் தர்றேன். தீர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிடுவேன், முடியலன்னா வீட்டுக்குக் கொண்டுவந்து தர்றேன்." செயின் கடை மருந்தைக் குறை சொல்லாதீர்கள். அதே கம்பெனி, அதே அட்டை என்று அவருக்கும் தெரியும்.

நிஜமாகவே பணம் போதாதவர் என்று தெரிந்தால், மக்கள் மருந்தகத்தையோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தையோ சொல்லுங்கள். "டாக்டர்கிட்ட மருந்தோட மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்க, அங்க இன்னும் குறைவாக் கிடைக்கும்" என்று. அவர் மாத மருந்தை அங்கே வாங்குவார். காய்ச்சலுக்கும், ராத்திரி அவசரத்துக்கும், சீட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்பதற்கும் உங்களிடம் வருவார். அவர் சொல்லி அனுப்புகிற அண்ணன் தம்பி குடும்பமும் வரும்.

மூன்று மாதம் கழித்து நோட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் போன் செய்த வீடுகள் எத்தனை, அதில் வாங்கியவை எத்தனை என்று எழுதி வந்தால் போதும். போனை எடுத்து "வாங்கிட்டேன் தம்பி" என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விலைக்காகவா, மருந்து இல்லாததாலா? விலை என்றால் விட்டுவிடலாம். "ரெண்டு தடவை வந்தேன், கடையில பையன் மட்டும்தான் இருந்தான்" என்ற பதில் வந்தால், அது பார்மசிஸ்டின் ஷிப்ட் நேரத்தை மாற்ற வேண்டிய விஷயம். அதை அந்த வாரமே மாற்றுங்கள்.